ஒரு பலம், ஒரு திருத்தம்: பக்கத்து பெஞ்சு எழுதும் குறிப்பு

“நோட்டைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொள்ளுங்கள். படித்துப் பார்த்துக் கீழே கருத்து எழுதுங்கள்.” மொழி வகுப்பில் ஆசிரியர் இப்படிச் சொன்னால், ஐந்து நிமிடத்தில் நோட்டுகள் திரும்பி வந்துவிடும். கீழே எழுதியிருப்பது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். “மிக நன்று. கையெழுத்து அழகாக உள்ளது. எழுத்துப் பிழைகளைத் தவிர்க்கவும். இன்னும் விரிவாக எழுதலாம்.” எழுதியவர் அதைப் படித்துவிட்டு நோட்டை மூடிவைப்பார். பத்தியில் ஒரு சொல்கூட மாறியிருக்காது.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் எழுத்துப் பயிற்சி கற்பித்துவந்த நான்சி சாமர்ஸ், கல்லூரி ஆசிரியர்கள் மாணவர் கட்டுரைகளில் எழுதும் குறிப்புகளைத் தன் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார். 1982-இல் வெளிவந்த அந்தக் கட்டுரை அத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஆசிரியர்கள் எழுதியவற்றில் பெரும்பாலானவை எந்தக் கட்டுரைக்கும் பொருந்தக்கூடியவையாக இருந்தன. ஒரு மாணவரின் தாளில் இருந்து எடுத்து இன்னொருவர் தாளில் ஒட்டினாலும் வித்தியாசம் தெரியாது என்றார் அவர். நல்ல குறிப்புக்கும் வெறும் குறிப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை கிடையாது. குறிப்பை எடுத்துப் பக்கத்து நோட்டில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால், எழுதியவர் இந்தப் பத்தியைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இந்தச் சோதனையில் தேறும் குறிப்பை ஒரு பள்ளி மாணவராலும் எழுத முடியும். அதற்கு வழிவகுக்கும் ஏற்பாடு ஒன்று பல நாட்டு வகுப்பறைகளில் புழக்கத்தில் இருக்கிறது. நண்பரின் பத்தியில் ஒரே ஒரு பலத்தைச் சுட்ட வேண்டும், ஒரே ஒரு திருத்தத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் பள்ளிகளில் இதன் உறவுமுறை வடிவம் ஒன்று ‘இரண்டு நட்சத்திரம், ஒரு விருப்பம்’ என்ற பெயரில் வழங்குகிறது. சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலையில் எங்கே கவனம் வேண்டும் என்பதை ஒரு பத்தியை வைத்தே பார்த்துவிடலாம்.

எட்டாம் வகுப்பு நோட்டில் வழக்கமாகக் காணக்கூடிய மாதிரிப் பத்தி இது. தலைப்பு ‘எங்கள் ஊர்ச் சந்தை’. வசதிக்காக வாக்கியங்களுக்கு எண் இட்டிருக்கிறது.

(1) எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமைதோறும் சந்தை கூடும். (2) விடிவதற்கு முன்பே வண்டிகள் வந்துவிடும். (3) கருவாட்டு கடைக்காரர் நிறுப்பதற்கு முன் தராசின் வெறும் தட்டை ஒருமுறை தூக்கிக் காட்டுவார். (4) வாங்குபவர் தலையசைத்த பிறகே கருவாட்டை வைப்பார். (5) காய்கறி விலை மற்ற நாட்களைவிடக் குறைவு. (6) சந்தையால் எல்லோருக்கும் பல நன்மைகள் உண்டு. (7) என் மாமா ஒருமுறை அங்கே ஆடு வாங்கினார். (8) பேருந்து நிறுத்தமும் பக்கத்திலேயே இருக்கிறது. (9) ஆகவே சந்தை மக்கள் வாழ்வில் முக்கிய இடம் வகிக்கிறது.

இதைப் படிக்கும் சக மாணவி முதலில் பேனாவை எடுக்கக் கூடாது. ஒரு முறை முழுதாகப் படிக்க வேண்டும். பேனா கையில் இருந்தால் கண் நேராக மூன்றாம் வாக்கியத்தில் விடுபட்ட ஒற்றுக்குப் போகும். ‘கருவாட்டுக் கடைக்காரர்’ என்று க் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற திருப்தியும் வந்துவிடும். பெரும்பாலான சக மதிப்பீடுகள் அந்த இடத்திலேயே நின்றுபோகின்றன.

இரண்டாவது முறை படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே இரண்டு சிறு குறிப்புகள் எழுதிக்கொள்ளலாம்: இது என்ன சொல்கிறது, பத்தியில் இது என்ன வேலை செய்கிறது. இந்த முறையைக் கல்லூரி வகுப்புகளில் பரப்பியவர் நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரிப் பேராசிரியர் கென்னத் புருஃபி. 1970-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் உயர்நிலைப் பள்ளி முடித்த நகரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இடம் என்று அறிவித்தது. கல்லூரிப் படிப்புக்கு வேண்டிய எழுத்துப் பயிற்சி இல்லாமல் பலர் வந்து சேர்ந்தார்கள். ஆசிரியர்களால் மட்டும் ஈடுகொடுக்க முடியவில்லை. மாணவரே மாணவருக்கு உதவும் வழிகளைப் புருஃபி அப்போது தேடினார். நண்பனின் எழுத்தை நல்லது கெட்டது என்று தீர்ப்பதற்கு முன், அதில் என்ன இருக்கிறது என்று விவரிக்கக் கற்றுக்கொடுத்தார். 

நம் சந்தைப் பத்தியில் அதைச் செய்து பார்த்தால் சங்கதி வெளியே வருகிறது. முதல் இரண்டு வாக்கியங்கள் நாளையும் நேரத்தையும் சொல்லிக் களத்தை அமைக்கின்றன. மூன்றும் நான்கும் ஒரு செயலைக் கண்முன் நிறுத்துகின்றன. ஐந்தாவது விலை என்ற ஒரு தகவலைத் தருகிறது. ஆறாவது ‘பல நன்மைகள்’ என்கிறது. அது செய்யும் வேலை என்ன என்று எழுத முயலும்போது மாணவியின் பேனா நிற்கும். ஏழாவதில் மாமா வருகிறார். ஏன் வந்தார் என்று தெரியவில்லை. எட்டாவதில் பேருந்து நிறுத்தம். ஒன்பதாவதில் ‘ஆகவே’ என்று வருகிறது, ஆனால் எதனால் ‘ஆகவே’ என்பதற்கு மேலே ஆதாரம் இல்லை.

இப்போது அவள் முன்னால் நான்கு குறைகள் இருக்கின்றன: விடுபட்ட ஒற்று, வெறுமையான ஆறாம் வாக்கியம், தொடர்பில்லாத பேருந்து நிறுத்தம், வழக்கமான முடிவுரை. நான்கையும் எழுதிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஒன்று மட்டும் என்ற கட்டுப்பாடு இங்கேதான் வேலை செய்கிறது. நான்கு குறைகள் கொண்ட பட்டியல் கையில் கிடைத்தால் எழுதியவர் எளிதானதை முதலில் திருத்துவார். ஒற்றைப் போடுவார், பேருந்து நிறுத்தத்தை அடிப்பார், ‘திருத்திவிட்டேன்’ என்பார். பத்தி முன்பு இருந்தது போலவேதான் இருக்கும். ஒன்றுதான் சொல்லலாம் என்று வைத்தால், எது முக்கியம் என்று யோசிக்க வேண்டிய பொறுப்பு குறிப்பு எழுதுபவருக்கு வந்துவிடுகிறது.

தேர்ந்தெடுக்க உதவும் கேள்வி ஒன்று உண்டு: எதைச் சரிசெய்தால் மற்றவையும் தாமாகச் சரியாகும்? ஒற்றைத் திருத்தினால் வேறு எதுவும் மாறாது. தவிர, அந்த வாக்கியமே அடுத்த வரைவில் உருமாறிவிடலாம், எனவே ஒற்றுகளைப் பார்க்க வேண்டியது கடைசி வரைவில். பேருந்து நிறுத்தத்தை அடித்தால் ஒரு வாக்கியம் குறையும், அவ்வளவுதான். முடிவுரையை எவ்வளவு மாற்றி எழுதினாலும், மேலே ஆதாரம் இல்லாதவரை அது நிற்காது. ஆறாம் வாக்கியம் மட்டும் வேறு மாதிரி. அங்கே உண்மையான ஒரு நன்மை வந்து உட்கார்ந்தால் ‘ஆகவே’க்குக் காரணம் கிடைத்துவிடும். ஏழாம் வாக்கியத்து மாமாவுக்கும் ஒரு வேலை கிடைக்கலாம். ஆகையால் திருத்தம் அந்த இடத்தில்தான்.

அவள் எழுதித் தரும் குறிப்பு இப்படி இருக்கும்:

“பலம்: 3, 4-ஆம் வாக்கியங்கள். வெறும் தட்டைத் தூக்கிக் காட்டுவதையும் வாங்குபவர் தலையசைப்பதையும் படித்ததும், இந்தக் கடைக்காரர் ஏமாற்ற மாட்டார் என்று நீ சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

திருத்தம்: 6-ஆம் வாக்கியம். ‘பல நன்மைகள்’ என்று படித்ததும் யாருக்கு, என்ன நன்மை என்று தேடினேன்; கிடைக்கவில்லை. அதை எடுத்துவிட்டு, சந்தையால் பயனடைந்த ஒருவரைக் கடைக்காரரைக் காட்டியது போலவே காட்டு. மாமா ஆடு வாங்கியது இதற்கு உதவுமா என்று பார்.”

அவ்வளவுதான். வாசித்து முடிக்க அரை நிமிடம் போதும். ஆனால் இதில் ஒரு சொல்லையும் வேறு யாருடைய நோட்டிலும் ஒட்ட முடியாது.

இதில் பலம் என்ற பகுதி மரியாதைக்காக வைத்ததல்ல. திட்டுவதற்கு முன் கொஞ்சம் புகழ வேண்டும் என்ற கணக்கில்தான் பலரும் அதை எழுதுகிறார்கள். அப்படி எழுதும்போது ‘அருமை’, ‘சூப்பர்’ என்று முடிந்துவிடுகிறது. உண்மையில் அதற்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. புதிதாக எழுதப் பழகுபவருக்குத் தன் எழுத்தில் எது நல்ல வாக்கியம் என்று தெரியாது. தட்டைத் தூக்கிக் காட்டும் வாக்கியம் கட்டுரைக்கு உரிய நடையில் இல்லை என்று நினைத்து அடுத்த வரைவில் அவரே அதை அடித்துவிட்டு, ‘வணிகர்கள் நேர்மையாக நடந்துகொள்வர்’ என்று எழுதிவிடக்கூடும். அதைக் காப்பாற்றுவது முதல் வேலை. இரண்டாவது வேலை இன்னும் பயனுள்ளது: திருத்தத்துக்கு ஒரு மாதிரி அந்தப் பத்திக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. ‘கடைக்காரரைக் காட்டியது போலவே காட்டு’ என்றால், எப்படி எழுத வேண்டும் என்பதற்கு வேறு யாருடைய எழுத்தையும் தேடிப் போக வேண்டியதில்லை. ஒருமுறை அவரே செய்துவிட்டார். இன்னொருமுறை செய்ய வேண்டும், அவ்வளவே.

திருத்தம் என்ற பகுதியில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. எந்த இடம் என்பது முதலில். அந்த இடத்தில் வாசகருக்கு என்ன ஆயிற்று என்பது அடுத்து. என்ன செய்யலாம் என்பது கடைசியாக. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெலிசா நெல்சனும் கிறிஸ்டியன் ஷுன்னும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் துணைக்கு வருகிறது. வரலாற்றுப் பாடம் படித்த கல்லூரி மாணவர்கள் ஒருவர் கட்டுரைக்கு ஒருவர் எழுதிய குறிப்புகளை எடுத்துக்கொண்டு, எவை உண்மையில் திருத்தமாக மாறின என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். குறிப்பைப் பெற்றவருக்குப் பிரச்சினை புரிந்திருந்தால்தான் திருத்தம் நடக்கிறது என்பது அதில் தெரியவந்தது. இடத்தைச் சுட்டிக்காட்டிய குறிப்புகளும், ஒரு தீர்வைச் சேர்த்துச் சொன்ன குறிப்புகளும் அந்தப் புரிதலுக்கு உதவியிருந்தன. ‘இன்னும் விரிவாக எழுதலாம்’ என்பதில் இடமும் இல்லை, தீர்வும் இல்லை.

நடுவில் உள்ள ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்ற சொற்களைத்தான் பழக்குவது கடினம். பிள்ளைகள் நோட்டை வாங்கியதும் ஆசிரியராக மாறிவிடுகிறார்கள். ‘கருத்துத் தெளிவு இல்லை’, ‘சொற்றொடர் அமைப்பில் கவனம் தேவை’ என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதுவதையே எழுதுகிறார்கள். அந்தத் தீர்ப்பைச் சொல்லும் தகுதி அவர்களுக்கு உண்டா என்று எழுதியவர் மனத்தில் கேள்வி எழும். ‘நான் இங்கே தேடினேன்’ என்பதை யாரும் மறுக்க முடியாது. வாசிக்கும்போது தனக்குள் நடந்ததைச் சொல்லும் உரிமை எல்லா வாசகருக்கும் உண்டு. அதைச் சரியாகச் சொல்ல இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973-இல் எழுதிய, ஆசிரியர் இல்லாமலே எழுதக் கற்பது பற்றிய புத்தகத்தின் மையமே இதுதான். எழுதியவருக்கு வாசகர்களிடமிருந்து வேண்டியது தீர்ப்பல்ல, வாசிக்கும்போது அவர்களுக்குள் என்ன நடந்தது என்ற தகவல் என்று அவர் வாதிட்டார். அதைக் கேட்கும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது, வாதாடக் கூடாது என்பதும் அவர் சொன்ன விதி.

குறிப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். மாணவி ஆறாம் வாக்கியத்துக்குப் பதிலாகத் தானே ஒரு நல்ல வாக்கியத்தை எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுதியவர் அதை அப்படியே நகல் எடுத்திருப்பார். பத்தி மேம்படும், எழுதியவர் எதையும் கற்றிருக்க மாட்டார். ‘மாமா ஆடு வாங்கியது உதவுமா என்று பார்’ என்பது வரைதான் அவளுடைய எல்லை. மாமா வாங்கியபோது என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியாது. அது எழுதியவரிடம் மட்டுமே இருக்கிறது.

அவர் திரும்ப எழுதினால் என்ன ஆகும்? ஐந்தாம் வாக்கியத்துக்குப் பிறகு பத்தி இப்படிப் போகலாம்:

போன வருடம் என் மாமா இங்கே ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கினார். கையில் பாதிப் பணம்தான் இருந்தது. மீதியை அடுத்த செவ்வாய் தந்தால் போதும் என்று சொல்லி, விற்றவர் கயிற்றை மாமா கையில் கொடுத்துவிட்டார். பெயரைக்கூட எழுதி வாங்கவில்லை.

ஆறாம் வாக்கியம் போய்விட்டது. ஏழாவது விரிந்திருக்கிறது. இதற்குமேல் நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. தராசுத் தட்டும் ஆட்டுக் கயிறும் ஒரே பத்தியில் வந்தபிறகு, இந்தப் பத்தி எதைப் பற்றியது என்பது எழுதியவருக்கே தெரிந்துவிடுகிறது. சந்தை என்றதும் நினைவுக்கு வந்ததையெல்லாம் அடுக்கியிருந்தார்; இப்போது சந்தையில் நம்பிக்கை எப்படிப் புழங்குகிறது என்பது கையில் கிடைத்துவிட்டது. பேருந்து நிறுத்தத்தை யாரும் அடிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் அது அங்கே ஒட்டாமல் நிற்பது அவர் கண்ணில் படும். ‘முக்கிய இடம் வகிக்கிறது’ என்ற முடிவும் அப்படித்தான். ஒரு திருத்தத்தைச் சொல்லி நான்கு திருத்தங்கள் நடப்பது இப்படி.

எல்லா முறையும் இவ்வளவு நேர்த்தியாக நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு முறைக்கு ஒரு குறிப்பு, பல வரைவுகள் என்று போவதே இயல்பு. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் போய்சி நகரில் ஒரு பள்ளியில் முதல் வகுப்புப் பையன் ஒருவன் பட்டாம்பூச்சி வரைந்த கதை ஆசிரியர்கள் மத்தியில் பிரபலம். ரான் பெர்கர் என்ற கல்வியாளர் அதை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டிவருகிறார். ஒரு பட்டாம்பூச்சியின் புகைப்படத்தைப் பார்த்து அறிவியல் படம் போல வரைய வேண்டும் என்பது வேலை. அந்தப் பையன் முதலில் வரைந்தது, எல்லாக் குழந்தைகளும் வரையும் உருண்டைச் சிறகுப் பட்டாம்பூச்சி. வகுப்புத் தோழர்கள் முதலில் சிறகின் வடிவத்தை மட்டும் பேசினார்கள்; நிறத்தைப் பற்றியோ வரிகளைப் பற்றியோ யாரும் வாய் திறக்கவில்லை. வடிவம் சரியான பிறகுதான் உள்ளே இருக்கும் கோலத்துக்கு வந்தார்கள். ஆறாவது வரைவில் அந்தப் படம், பார்ப்பவர்கள் ஆறு வயதுப் பிள்ளை வரைந்தது என்று நம்ப மறுக்கும் அளவுக்கு வந்தது. குறிப்பு அன்பாக இருக்க வேண்டும், குறிப்பாக இருக்க வேண்டும், உதவ வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளைப் பெர்கர் வைக்கிறார். மூன்றில் நடுவில் இருப்பதுதான் வகுப்பறைகளில் முதலில் காணாமல் போவது.

இந்த ஏற்பாடு தவறும் இடங்களும் உண்டு. நியூசிலாந்தில் வகுப்பறைகளில் ஒலிவாங்கி வைத்துப் பிள்ளைகளின் பேச்சைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கிரஹாம் நட்ஹால், ஒரு பிள்ளைக்குத் தன் வேலையைப் பற்றிக் கிடைக்கும் கருத்துகளில் பெரும்பகுதி சக பிள்ளைகளிடமிருந்தே வருகிறது என்றும், அதில் பெரும்பகுதி தவறானது என்றும் கண்டார். ஆசிரியர் ஏற்பாடு செய்தாலும் செய்யாவிட்டாலும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மதிப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தவறான யோசனை எழுத்தில் இருந்தால் அதை ஆசிரியரால் பார்க்கவாவது முடியும். 

அதனால்தான் குறிப்பைப் பெற்றவர் அதை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக் கூடாது. ஏற்றால் என்ன மாற்றினேன், ஏற்காவிட்டால் ஏன் என்று ஒரு வரி பதில் எழுதினால் போதும். ‘மாமா கதையைச் சேர்க்கவில்லை, அவர் ஏமாந்துபோனார், அது என் பத்திக்கு எதிராகப் போகும்’ என்று ஒரு மாணவர் பதில் எழுதினால், அவர் தன் பத்தியை முன்பைவிட ஆழமாக யோசித்திருக்கிறார் என்று பொருள். 

இன்னொரு தவறு மார்க். சக மாணவர் குறிப்போடு பத்துக்கு ஏழு என்று எண்ணும் போடச் சொன்னால், பெற்றவர் எண்ணை மட்டுமே பார்ப்பார். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வகையில் கருத்துத் தரப்பட்டது: சிலருக்கு மார்க் மட்டும், சிலருக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. குறிப்பின் பலனை மார்க் விழுங்கிவிட்டது. அந்த ஆய்வில் மார்க் போட்டவர்கள் பெரியவர்கள். மார்க் போடுவது நண்பன் என்றால் அதோடு நட்பின் கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

குறிப்பைப் பெறுபவருக்குக் கிடைக்கும் லாபத்தைப் பற்றியே இதுவரை பேச்சு. எழுதுபவருக்கு என்ன? அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்த 91 மாணவர்களை வைத்து கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராமும் வெண்டி பேக்கரும் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரு குழு மாதிரிக் கட்டுரைகளுக்குக் குறிப்பு எழுத மட்டும் கற்றது. மற்றொரு குழு, தரப்பட்ட குறிப்புகளை வைத்துக் கட்டுரையைத் திருத்த மட்டும் கற்றது. பருவத்தின் முடிவில் இரு குழுவினரும் சொந்தமாக எழுதிய கட்டுரைகளை ஒப்பிட்டார்கள். குறிப்பு எழுதிப் பழகியவர்களே கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். மொழியில் பின்தங்கியிருந்த மாணவர்களிடம் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 

காரணம் சந்தைப் பத்தியிலேயே இருக்கிறது. அடுத்த வாரம் அந்த மாணவி தன் சொந்தப் பத்தியில் ‘பல நன்மைகள்’ என்று எழுதப் போகும்போது அவள் பேனா தயங்கும். பிறர் எழுத்தில் தான் தேடிக் கிடைக்காததை, தன் எழுத்தில் வேறொருவர் தேடுவார் என்று அவளுக்குத் தெரியும். 

தமிழ்க் கல்வி மரபுக்கும் இது புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரப் பகுதி, மாணவர் கல்வி பெறும் வழிகளைக் கணக்குப் போட்டே பிரிக்கிறது. ஆசிரியரிடம் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வந்து சேருமாம். இன்னொரு கால் பங்கு உடன் பயில்பவர்களோடு பழகுவதில் கிடைக்கிறது. மீதி அரைப் பங்கு பிறருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்வதில் வருகிறது. இந்தக் கணக்கின்படி பக்கத்து பெஞ்சுக்காரருக்கும் பிறருக்கு எடுத்துச் சொல்வதற்கும் முக்கால் பங்கு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் மாணவரின் முன்னேற்ற அறிக்கையில் சக மாணவர் மதிப்பீடு இடம்பெற வேண்டும் என்கிறது. அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போகாமல் இருக்க, மதிப்பிடத் தெரிந்திருக்க வேண்டும்.

நாற்பது நிமிட பீரியட் ஒன்று இதற்குப் போதும். முதல் பத்து நிமிடம், பெயர் இல்லாத ஒரு பழைய பத்தியைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பே சேர்ந்து ஒரு பலத்தையும் ஒரு திருத்தத்தையும் தேடட்டும். அப்போதே ‘எந்த வாக்கியம்?’, ‘அங்கே உனக்கு என்ன ஆயிற்று?’ என்ற இரண்டு கேள்விகளையும் ஆசிரியர் விடாமல் கேட்டால், பாதிப் பயிற்சி முடிந்துவிடும். அடுத்த பதினைந்து நிமிடம் நோட்டுகள் மாறட்டும். இரண்டு முறை வாசிப்பு, பிறகு குறிப்பு. மிச்ச நேரம் திரும்ப எழுதுவதற்கு. பத்தி பத்து வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம். நீண்ட கட்டுரையில் ஒரே திருத்தத்தைத் தேர்வது பெரியவர்களுக்கே சிரமம்.

இந்த வருடம் கட்டுரை நோட்டுகளைத் திருத்தப் போகும் மொழி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு கட்டுரைக்காவது, சிவப்புப் பேனாவை எடுக்கும் முன் நோட்டுகளை வகுப்புக்குள் ஒரு சுற்று விடுங்கள். மார்க் போடச் சொல்லாதீர்கள். பிறகு நோட்டு உங்கள் மேசைக்கு வரும்போது பத்தியோடு அதன் கீழே உள்ள குறிப்பையும் படியுங்கள். அந்தக் குறிப்பைப் பக்கத்து நோட்டுக்கு மாற்ற முடியவில்லை என்றால், அதை எழுதிய பிள்ளையின் பெயரைச் சொல்லி வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள்.